விட்ட இடத்திலேயே பிடிக்க வேண்டுமா?

2018 ஆகஸ்டில் யெஸ் பேங்க் பங்கு 400 ரூபாயைத் தொட்டது. அந்த மாதம் ஒருவர் 380 ரூபாய்க்கு 100 பங்கு வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். போட்ட பணம் 38,000 ரூபாய். ஆள் கற்பனைதான். ஆனால் கீழே வரும் விலைகளும் தேதிகளும் உண்மையில் நடந்தவை. கையில் இருக்கும் நஷ்டப் பங்கை விற்க மனம் ஏன் வருவதில்லை என்பதைப் புரிந்துகொள்ள இந்த ஒரு பங்கின் கதை போதும்.

வாங்கி ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. வங்கியின் நிறுவனர்களில் ஒருவரும் தலைமை நிர்வாகியுமான ராணா கபூரின் பதவிக்காலம் 2019 ஜனவரி 31-உடன் முடிய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. செப்டம்பர் 21-ஆம் தேதி, ஒரே நாளில், பங்கு சுமார் 29 சதவீதம் விழுந்து 227 ரூபாய் அருகே நின்றது. நம்மவரின் 38,000 ரூபாய் இப்போது 22,700. நஷ்டம் 15,300.

அன்று மாலை அவர் மனதில் ஓடியது என்னவாக இருக்கும்? "ரிசர்வ் வங்கி ஒரு தலைமை நிர்வாகியைத் தொடர விடாமல் தடுக்கிறதென்றால், உள்ளே என்ன இருக்கும்?" என்பதுதான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஆனால் பெரும்பாலும் நம் மனதில் ஓடுவது வேறு. "380-க்கு வாங்கியது. இப்போது விற்றால் பதினைந்தாயிரம் போய்விடும். 380 வரட்டும், வெளியே வந்துவிடலாம்."

இதில் அந்த 380 என்ற எண்ணைக் கவனியுங்கள். வங்கியின் கடன் புத்தகத்தில் அந்த எண் கிடையாது. லாப நஷ்டக் கணக்கில் கிடையாது. நாளை அந்தப் பங்கை வாங்க வருகிறவருக்கு அது தெரியாது, தெரிந்தாலும் அதற்காக ஒரு ரூபாய்கூட கூட்டித் தர மாட்டார். உலகத்திலேயே அந்த எண்ணுக்குப் பொருள் உள்ள ஒரே இடம் நம்மவரின் டீமேட் கணக்குதான். அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் இதே பங்கை வெகு முன்னால் 40 ரூபாய்க்கு வாங்கி வைத்திருக்கலாம். இருவரிடமும் இருப்பது ஒரே பங்கு, நாளைக்கு நடக்கப்போவதும் இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் ஒருவர் "நல்ல லாபம், எடுத்துவிடலாம்" என்கிறார், மற்றவர் "நஷ்டத்தில் விற்க முடியாது" என்கிறார். பங்கைப் பற்றிய முடிவாக இருந்தால் இருவருக்கும் ஒரே பதில் வந்திருக்க வேண்டும் அல்லவா?

வாங்கிய விலையில் மனம் இப்படிக் கட்டுண்டு போவதைத்தான் நங்கூரமிடுதல் என்று சொல்கிறார்கள். நங்கூரம் போட்ட படகு காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் ஏற்ப ஆடும், ஆனால் அந்த இடத்தை விட்டுப் போகாது. புதுச் செய்தி வரும், விலை மாறும், நிர்வாகம் மாறும். நாம் எல்லாவற்றையும் 380-இலிருந்து எவ்வளவு தூரம் என்றே அளந்துகொண்டிருப்போம்.

இதன் அடியில் இன்னொன்றும் இருக்கிறது. உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் எழுதிய ஆய்வில் காட்டியது இது: மனிதர்கள் தங்கள் மொத்தச் செல்வத்தை எடைபோட்டு முடிவெடுப்பதில்லை, ஏதோ ஒரு தொடக்கப் புள்ளியிலிருந்து ஏற்றமா இறக்கமா என்றுதான் பார்க்கிறார்கள். அந்தப் புள்ளிக்குக் கீழே போகும் வலி, அதே அளவு மேலே போகும் மகிழ்ச்சியைவிடக் கனமானது. பங்கில் அந்தப் புள்ளி வேறு எதுவாக இருக்கும்? வாங்கிய விலைதான். அதற்குக் கீழே போய்விட்டவர், நஷ்டத்தை உறுதியாக ஒப்புக்கொள்வதைவிட, இன்னும் பெரிய நஷ்டத்துக்கு வாய்ப்பு இருந்தாலும் "திரும்பி வரலாம்" என்ற சூதாட்டத்தையே தேர்ந்தெடுக்கிறார். பயந்த சுபாவம் உள்ளவர்கள்கூட இந்த இடத்தில் துணிச்சல்காரர்களாகி விடுகிறார்கள்.

இது வெறும் ஊகம் இல்லை. டெரன்ஸ் ஓடியன் என்ற பொருளாதார ஆய்வாளர் அமெரிக்காவில் ஒரு தரகு நிறுவனத்தின் 10,000 கணக்குகளை, 1987 முதல் 1993 வரையிலான வாங்கல் விற்றல்களோடு அலசி, 1998-இல் வெளியிட்டார். லாபத்தில் இருந்த பங்குகளை மக்கள் சட்டென்று விற்றார்கள், நஷ்டத்தில் இருந்தவற்றைப் பிடித்துக்கொண்டே இருந்தார்கள். சரி, பிடித்து வைத்ததால் பலன் கிடைத்ததா என்றால், அதுவும் இல்லை. அவர்கள் விற்றுவிட்ட லாபப் பங்குகள், விற்காமல் வைத்திருந்த நஷ்டப் பங்குகளைவிட அடுத்த ஓராண்டில் சராசரியாக 3.4 சதவீதப் புள்ளிகள் கூடுதலாக ஏறியிருந்தன. அந்தக் கணக்குகளில் டிசம்பர் மாதம் மட்டும் தலைகீழாக இருந்தது, நஷ்டப் பங்குகள் அதிகம் விற்கப்பட்டன. காரணம், அங்கே வரிக் கணக்கு முடிவது டிசம்பரில். நஷ்டத்தை எடுக்க ஒரு கௌரவமான காரணம் கிடைத்ததும் கை தானாக நகர்ந்திருக்கிறது. வரி விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

நம்மவரிடம் திரும்பிப் போவோம். 227-இல் அவர் விற்கவில்லை. அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. "இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறதே, ஆவரேஜ் செய்துவிடலாம்" என்று இன்னும் 100 பங்கு வாங்கினார். 22,700 ரூபாய் புதுப்பணம். இப்போது 200 பங்கு, சராசரி விலை 303 ரூபாய் 50 காசு.

இந்த இடத்தில் ஒரு நிமிடம் அவருடைய கைபேசித் திரையைப் பார்க்க வேண்டும். நேற்று வரை ஆவரேஜ் என்ற கட்டத்தில் 380 இருந்தது. இன்று 303.50. நஷ்டச் சதவீதம் நேற்று 40, இன்று 25. ஏதோ சரியாகிவிட்டது போல ஒரு நிம்மதி. ஆனால் என்ன மாறியது? ரூபாய்க் கணக்கில் நஷ்டம் அதே 15,300-தான், ஒரு பைசா குறையவில்லை. ஆபத்தில் இருக்கும் பணம் மட்டும் இரண்டு மடங்காகியிருக்கிறது. பெரிய தொகையோடு வகுத்ததால் சதவீதம் சிறியதாகத் தெரிகிறது, அவ்வளவே.

2019 மார்ச் கடைசியில் பங்கு 270-ஐத் தாண்டி ஏறியது. இரண்டாவது தவணையில் வாங்கிய பங்குகளுக்கு அது லாபம்தான். ஆனால் அவருடைய நங்கூரம் இப்போது 303-இல் இருந்தது, அதனால் காத்திருந்தார். ஏப்ரல் 26-ஆம் தேதி வங்கி தன் வரலாற்றிலேயே முதல் முறையாக ஒரு காலாண்டில் நஷ்டம் காட்டியது, 1,507 கோடி ரூபாய். ஏப்ரல் 30-ஆம் தேதி பங்கு மறுபடியும் 29 சதவீதம் விழுந்து 168-க்கு வந்தது. நம்மவர் 200 பங்கு மேலும் வாங்கினார். 33,600 ரூபாய். மொத்தம் 400 பங்கு, போட்டது 94,300, சராசரி சுமார் 236.

எங்கள் ஊர்ப் பக்கம் போர்வெல் போடும்போது இதை அப்படியே பார்த்திருக்கிறேன். 600 அடி போய்விட்டது, புழுதிதான் பறக்கிறது. வண்டிக்காரர் நிறுத்தவா என்று கேட்கிறார். "இவ்வளவு போட்டாச்சு, இன்னும் ஒரு நூறு அடி பார்த்துடலாம்" என்கிறார் தோட்டக்காரர். அடுத்த நூறு அடியில் தண்ணீர் இருக்கிறதா என்பது கீழே உள்ள பாறையைப் பொறுத்தது. மேலே கொட்டிய பணம் பாறைக்குத் தெரியாது. அந்த நூறு அடிக்கு ஆகும் செலவும், அங்கே வெடிப்பு இருக்க வாய்ப்பும்தான் கணக்கு. ஏற்கெனவே போன 600 அடி, மேலும் தோண்டினாலும் தோண்டாவிட்டாலும் போனதுதான். இதை மூழ்கிய செலவு என்கிறார்கள். எந்த முடிவெடுத்தாலும் திரும்பி வராத செலவு என்று பொருள். அதை அடுத்த முடிவுக்குள் இழுத்து வருவதுதான் தவறு. வாங்கிய விலையில் மனம் ஒட்டிக்கொள்வது முதல் படி என்றால், அந்த விலையைக் காப்பாற்றப் புதுப்பணத்தை இறக்குவது இரண்டாவது படி. நம்மவர் இரண்டையும் ஏறிவிட்டார்.

2020 மார்ச் 5-ஆம் தேதி ரிசர்வ் வங்கி யெஸ் பேங்கின் நிர்வாகத்தைக் கையில் எடுத்தது. வாடிக்கையாளர்கள் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று வரம்பு போட்டது. மறுநாள் சந்தையில் பங்கு 5 ரூபாய் 55 காசு வரை போய், 16 ரூபாய் அருகே முடிந்தது. 94,300 ரூபாய் போட்டவர் கையில் இருந்தது சுமார் 6,400. முதல் தவணையோடு நிறுத்தி 227-இல் விற்றிருந்தால் 15,300 நஷ்டத்தோடு போயிருக்கும். நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதைத்தான்: அவரைச் சாய்த்தது முதலில் வாங்கிய 100 பங்கு மட்டும் இல்லை, அதைக் காப்பாற்றப் போட்ட 56,300 ரூபாயும் சேர்ந்துதான்.

அதன் பிறகு நடந்தது நங்கூரக்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. ஸ்டேட் வங்கியும் வேறு சில வங்கிகளும் 10 ரூபாய் விலையில் புதுப் பங்குகளை வாங்கி யெஸ் பேங்கைத் தூக்கி நிறுத்தின. 100 பங்குக்கு மேல் வைத்திருந்த பழைய பங்குதாரர்களின் பங்குகளில் 75 சதவீதத்தை மூன்று ஆண்டுகளுக்கு விற்க முடியாதபடி பூட்டிவிட்டார்கள். நம்மவரின் 400-இல் 300 பூட்டுக்குள் போய்விட்டது. 2020 ஜூலையில் வங்கி 12 ரூபாய் விலையில் மேலும் பங்குகளை வெளியிட்டு 15,000 கோடி திரட்டியது. 2018-இல் சுமார் 230 கோடியாக இருந்த பங்குகளின் எண்ணிக்கை, இதற்குப் பிறகு ஏறக்குறைய 2,500 கோடி ஆகிவிட்டது.

இப்போது "400 ரூபாய் போன பங்குதானே, திரும்பி வராமலா போகும்?" என்ற பேச்சைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2018-இல் 400 ரூபாய் என்றால், 230 கோடிப் பங்குகளுக்கு, வங்கியின் மொத்த மதிப்பு 92,000 கோடி. 2020-க்குப் பிறகு அதே 400 ரூபாய் வர வேண்டுமென்றால் மொத்த மதிப்பு 10 லட்சம் கோடி ஆக வேண்டும். அந்த ஜூலையில் ஸ்டேட் வங்கியின் மொத்தச் சந்தை மதிப்பே இரண்டு லட்சம் கோடிக்குள்தான் இருந்தது. அதாவது பெயர் ஒன்றாக இருந்தாலும் பங்கு பழைய பங்கு இல்லை. பழைய விலையை நினைத்துக் காத்திருந்தவர்கள், இல்லாமல் போன ஒன்றுக்காகக் காத்திருந்தார்கள். விழுந்த பங்கு ஏதாவது உங்களிடம் இருந்தால், விலை வரைபடத்தைப் பார்ப்பதற்கு முன் மொத்தப் பங்குகளின் எண்ணிக்கை கூடியிருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

சரி, 227-இல் நின்றபோது அவர் எப்படி யோசித்திருக்கலாம்?

சந்தையில் அடிக்கடி கேட்கிற பேச்சு, "விற்றால்தானே நஷ்டம், விற்காத வரை அது காகித நஷ்டம்." இது தவறு. அன்று அவரிடம் இருந்தது 22,700 ரூபாய், விற்றாலும் விற்காவிட்டாலும். விற்றால் அது பணமாக இருக்கும், விற்காவிட்டால் பங்காக இருக்கும். நஷ்டம் நடந்து முடிந்துவிட்டது, விற்பது அதைப் பதிவு செய்கிறது, அவ்வளவுதான். இனி 22,700-ஐ மறுபடியும் 38,000 ஆக்க வேண்டுமென்றால் 67 சதவீதம் வளர வேண்டும். யெஸ் பேங்கிலேயே இருந்தாலும் 67 சதவீதம்தான், வேறு எங்கே போட்டாலும் 67 சதவீதம்தான். தூரம் ஒன்று, எந்த வண்டியில் போகிறோம் என்பதுதான் கேள்வி. ஆண்டுக்கு 11 சதவீதம் வளரும் ஏதாவது ஒன்றில் அது ஐந்து ஆண்டு வேலை. சீட்டாட்டத்தில் சொல்வார்களே, விட்ட இடத்தில்தான் பிடிக்கணும் என்று, அது ஆட்டத்துக்கே உதவாத அறிவுரை. பணத்துக்கு எந்த இடத்தில் தொலைந்தோம் என்ற நினைவு கிடையாது, வேறு இடத்தில் சம்பாதித்தாலும் அது பணம்தான்.

என் சித்தப்பா ஒரு சிறிய கட்டுமான நிறுவனத்தின் பங்கை ஆறு ஆண்டுகளாக வைத்திருந்தார். வாங்கியது 84 ரூபாய்க்கு, அப்போது ஓடியது 19. "அசல் மட்டும் வந்தா போதும்டா, லாபமே வேண்டாம், வித்துட்டு வந்துடுவேன்" என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் கேட்டேன், "சித்தப்பா, நேத்து ராத்திரி உங்களுக்குத் தெரியாம யாரோ எல்லாத்தையும் வித்துப் பணமா போட்டுட்டாங்கன்னு வச்சுக்கங்க. காலைல எந்திரிச்சா கணக்குல பணம் இருக்கு. அந்தப் பணத்துல இதே பங்கை மறுபடி வாங்குவீங்களா?" சற்று யோசித்துவிட்டு, "எதுக்குடா வாங்கணும்? அவன் ரெண்டு வருஷமா கடன் தவணையே ஒழுங்கா கட்டலயே" என்றார். பதில் அவரிடமே இருந்தது. 84 என்ற எண் அதை மறைத்துக்கொண்டு நின்றது.

இந்த ஒரு கேள்வியை எல்லாப் பங்குக்கும் கேட்கலாம். "வாங்க மாட்டேன்" என்றால், வைத்திருப்பதற்கு ஒரு காரணம் சொல்ல முடிய வேண்டும். "வாங்கிய விலை வரவில்லை" என்பது காரணமாகாது. கேட்கும்போது கைபேசியில் ஆவரேஜ் கட்டத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு பாருங்கள், வேடிக்கையாகத் தோன்றினாலும் உதவும். வாங்குகிற அன்றே ஏன் வாங்குகிறேன் என்று இரண்டு வரி எழுதி வைப்பது இன்னும் நல்லது. "கடன் வளர்ச்சி நன்றாக இருக்கிறது, நிர்வாகம் திறமையானது" என்று நம்மவர் எழுதி வைத்திருந்தால், 2018 செப்டம்பரில் இரண்டாவது வரியை ரிசர்வ் வங்கியே அடித்துவிட்டது என்பது கண்ணில் பட்டிருக்கும்.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். விழுந்த பங்கையெல்லாம் விற்க வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. விழுந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக விற்பதும் வாங்கிய விலையைப் பார்த்து எடுக்கும் முடிவுதான். 2020 ஜனவரியில் 12,300-க்கு மேல் இருந்த நிஃப்டி மார்ச் 23-ஆம் தேதி 7,600 அருகே முடிந்தது. அப்போது கிட்டத்தட்ட எல்லாப் பங்கும் விழுந்தது. வாங்கியபோது எழுதிய காரணங்கள் அப்படியே நின்ற நிறுவனங்களை அன்று விற்றவர்கள் வருந்தினார்கள், ஏனென்றால் நவம்பரிலேயே நிஃப்டி பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. சந்தை மொத்தமும் விழுகிறதா, சந்தை நிற்கும்போது இந்தப் பங்கு மட்டும் விழுகிறதா என்று பிரித்துப் பார்ப்பது முதல் வேலை. இரண்டாவது வகை என்றால் நிறுவனத்துக்குள் ஏதோ நடக்கிறது. ஆவரேஜ் செய்வதும் பாவம் இல்லை. மற்ற பங்குகளோடு ஒப்பிட்டு, கையில் ஒன்றுமே இல்லாத ஒருவராகவும் இந்த விலையில் இதையே வாங்குவீர்கள் என்றால் வாங்கலாம். சராசரியைக் கீழே இழுப்பதற்காக வாங்கக் கூடாது.

வரிக்கு வருவோம், ஏனென்றால் டீமேட் கணக்குக்கு வெளியே வாங்கிய விலைக்கு உண்மையிலேயே மதிப்பு உள்ள ஒரே இடம் அதுதான். நம் நாட்டில் பட்டியலிட்ட பங்குகளை ஓராண்டுக்குள் விற்று வரும் லாபத்துக்கு இப்போது 20 சதவீத வரி, ஓராண்டுக்கு மேல் என்றால் ஆண்டுக்கு 1.25 லட்சத்தைத் தாண்டும் லாபத்துக்கு 12.5 சதவீதம். நஷ்டத்தில் விற்றால் அந்த நஷ்டத்தை லாபத்திலிருந்து கழிக்கலாம். குறுகிய கால நஷ்டத்தை இரண்டு வகை லாபத்திலும் கழிக்கலாம், நீண்ட கால நஷ்டத்தை நீண்ட கால லாபத்தில் மட்டும். ஒரு பங்கில் 40,000 குறுகிய கால லாபம் எடுத்திருக்கிறீர்கள், இன்னொன்றில் 40,000 குறுகிய கால நஷ்டம் தொங்கிக்கொண்டிருக்கிறது என்றால், அதே நிதியாண்டில் நஷ்டத்தையும் விற்றால் 8,000 ரூபாய் வரி மிச்சம். கழிக்க லாபம் இல்லையென்றாலும், வருமான வரிக் கணக்கைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்தால் எட்டு ஆண்டுகள் வரை எடுத்துச் செல்லலாம். ஆனால் விற்காத நஷ்டத்தை எங்கும் கழிக்க முடியாது.

விற்க வழி இருக்கும்போதுதான் இதெல்லாம். சிறிய நிறுவனங்களின் பங்குகளில் கெட்ட செய்தி வந்தால், ஒரு நாளில் இவ்வளவுதான் விழலாம் என்ற கீழ் வரம்பான லோயர் சர்க்யூட்டில் போய் நின்றுவிடும். காலை ஒன்பதே காலுக்குத் திரையைத் திறந்தால் விற்கும் பக்கம் லட்சக்கணக்கில் வரிசை, வாங்கும் பக்கம் பூஜ்யம். மறுநாள் 5 சதவீதம் கீழே, மறுபடியும் அதே வரிசை. என் சித்தப்பா அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த நாளே விற்க ஆர்டர் போட்டார். மூன்றாவது நாள்தான் ஆள் கிடைத்தது, 16 ரூபாய் 30 காசுக்கு. வந்த பணத்தை ஒரு இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டுவிட்டு, அந்தக் கட்டுமானப் பங்கின் பெயரைக் கைபேசியிலிருந்து நீக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார்.